தேன் விளம்பரத்துக்கு ஒரு ஷாட் ஷீட்: கிரெடிட் செலவாகும் முன்பே பிழையைப் பிடிப்பது

தக்கலையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கு விளம்பர வீடியோ செய்து கொடுக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்த்துத் தேன் விற்கும் ஒரு குடும்பத்துக்காக, ஏஐ வீடியோ கருவியில் 30 நொடி விளம்பரம் ஒன்று செய்ய வேண்டி வந்தது. ஆறு ஷாட்களுக்கும், என்ன காட்ட வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் ப்ராம்ப்டை ஆங்கிலத்தில் எழுதி, வரிசையாக ஒரு தாளில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்தத் தாள்தான் ஷாட் ஷீட். வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா "சரி தம்பி, செய்யுங்க" என்றார். ஆறையும் உருவாக்கினேன். ஆறில் ஐந்தைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அவற்றுக்காகக் கருவியில் காசு கொடுத்து வாங்கிய கிரெடிட்டும் போயிற்று.

கருவியின் மேல் குற்றமில்லை. அது ப்ராம்ப்டில் இருந்ததைத்தான் கொடுத்தது. அக்கா மேலும் குற்றமில்லை. அவருக்குப் புரியாத ஒன்றுக்கு அவரிடம் சம்மதம் வாங்கியது நான். கோளாறு அந்தத் தாளில் இருந்தது. அதே வேலையைத் தாளில் இருந்து மறுபடி தொடங்கியபோது எந்தெந்த இடத்தில் எது உடைந்தது, எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து படிக்கலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: தாளைப் பார்த்து "சரி" என்றவர், வீடியோவைப் பார்த்து "இது இல்ல" என்கிறார்

முதலில் உங்கள் தாளை எடுத்து, வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் அதில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். என் முதல் தாளில் ஒன்றுகூட இல்லை. கருவிக்குப் போகும் ஆங்கில ப்ராம்ப்டையே வாடிக்கையாளருக்கும் அனுப்பியிருந்தேன். அதைப் பார்ப்பவர் "தம்பிக்குத் தெரியும்" என்ற நம்பிக்கையில் சரி சொல்கிறார். நம்பிக்கையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் அதற்கான விலை கிரெடிட்டில் போகும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனியாக இரண்டு வரி வேண்டும். ஒன்று தமிழில், "கண்ணுக்குத் தெரிவது" என்ற தலைப்பில். மற்றொன்று கருவிக்குப் போகும் ப்ராம்ப்ட். வாடிக்கையாளர் ஒப்புதல் தருவது தமிழ் வரிக்கு மட்டும்தான்.

அந்தத் தமிழ் வரி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நான் இரண்டாம் முறையும் தவறினேன். "இயற்கையின் மடியில் பாரம்பரியத் தேனீ வளர்ப்பு" என்று முதல் ஷாட்டுக்கு எழுதினேன். அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வரியில் கண்ணால் பார்க்கக்கூடியது எதுவுமே இல்லை. அக்காவின் மனதில் அவர் வீட்டுப் பின்புறத் தோட்டம், என் மனதில் பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவு. இருவரும் ஒரே வரிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் வைத்திருக்கும் சோதனை சின்னது. தமிழ் வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, "இதை ஒரு குழந்தை வரைந்து காட்ட முடியுமா?" என்று கேட்கிறேன். பெட்டியை வரையலாம், மூடியை வரையலாம், வெறும் கையை வரையலாம். பாரம்பரியத்தை வரைய முடியாது. வரைய முடியாத சொல்லை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக எதைக் காட்டப்போகிறோமோ அதை எழுத வேண்டும். "அழகான", "பிரம்மாண்டமான", "உணர்வுபூர்வமான" எல்லாம் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

சரி என்ற பதிலை ஒட்டுமொத்தமாக வாங்காதீர்கள். ஷாட் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக "1 சரி, 2 சரி, 3 பேசணும்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவர் என்றால் நேரில் போய் வரியை வாசித்து, "இப்ப நீங்க என்ன பாக்கீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் உங்கள் தாளில் இல்லாத ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். அதற்காகத்தான் கேட்கிறோம்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் "நம்ம ஊர் மாதிரி இல்ல"

இந்தக் கோளாறுதான் என் வேலையில் அதிகக் கிரெடிட்டைத் தின்றது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தேனீ வளர்ப்பவர் என்று மட்டும் எழுதினால் கருவி என்ன காட்டும்? தலை முதல் கால்வரை வெள்ளை உடை, முகத்துக்கு வலை, கைக்குக் கனத்த உறை, மேலை நாட்டுப் பண்ணைகளில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய வெள்ளைப் பெட்டிகள், பின்னால் மஞ்சள் பூவயல். அது பழகிய படங்களில் பெரும்பாலானவை அப்படி. நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கொண்டே நிரப்பும். வீடியோவைப் பார்த்ததும் அக்காவின் கணவர் சொன்னார்: "இது நம்ம பெட்டி இல்லல்லா! இவ்வளவு பெரிய பெட்டிய வெச்சு நாங்க என்ன செய்ய?"

அவர் சொன்னது சரி. இங்கே வளர்ப்பது இந்தியத் தேனீ. அதற்கு நியூட்டன் பெட்டி என்ற சின்ன மரப்பெட்டி. அதை ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். பெட்டிகள் நிற்பது ரப்பர் தோட்டத்துக்குள். அவர்கள் வீட்டில் யாரும் கையுறை போடுவதில்லை, தேங்காய் மட்டையைப் புகைத்து லேசாகப் புகை காட்டுவதோடு சரி.

இன்னொன்று எனக்கே அதுவரை தெரியாது. மூன்றாவது ஷாட்டில் "தேனீ ரப்பர் பூவில் தேன் எடுக்கிறது" என்று எழுதியிருந்தேன். தாளை வாசித்துக் காட்டும்போது அக்கா நிறுத்தினார். "பூவுல இல்ல தம்பி. தளிர்ல." ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் பருவத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பான நீர் சுரக்கும். தேனீக்கள் அதை எடுக்கத்தான் வரும். இங்கே தேன் பருவம் என்பது அந்தத் தளிர்ப்பருவம். விளம்பரத்தைப் பார்க்கப்போகிற ஊர்க்காரர்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். பூவில் உட்காரும் தேனீயைக் காட்டியிருந்தால், தேன் விற்பவருக்கே தன் தேன் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதோடு ஒட்டி இன்னொரு திருத்தமும் வந்தது. முதல் ஷாட்டில் ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் இருந்து பால் சொட்டிச் சிரட்டையில் விழுவதாக எழுதியிருந்தேன். மரம் தளிர்விடும் சமயத்தில் பல தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்திவைப்பார்கள். தளிரும் சொட்டும் பாலும் ஒரே காட்சியில் வந்தால் தோட்டக்காரர் கண்ணுக்கு உறுத்தும். பாலை எடுத்துவிட்டு, சாய்ந்த பழைய வெட்டுக்கோடும் கவிழ்த்து வைத்த சிரட்டையும் என்று மாற்றினோம்.

தளிர், பால் என்ற இந்த இரண்டு திருத்தமும் தாளிலேயே வந்ததால் அவற்றுக்கு ஒரு கிரெடிட்கூடப் போகவில்லை. இப்படித் திருத்தம் வர வேண்டுமானால் தாளில் இரண்டு ஏற்பாடு வேண்டும்.

ஒன்று, பெயர்ச்சொற்களைத் தனியாக எழுதி அவற்றைப் பற்றிக் கேட்பது. ஷாட்டில் வரும் பொருள், ஆள், உடை, இடம், பருவம் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் "உங்க இடத்துல இது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். "இது சரியா?" என்று கேட்டால் சரி என்றுதான் பதில் வரும். எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் தண்ணீர்க் கிண்ணம் வரும்.

இரண்டாவது, படம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேராக, வாடிக்கையாளரே ஃபோனில் எடுத்த ஒரு ஃபோட்டோ ஒட்டுங்கள். பெட்டி, தோட்டம், தேன் பிழியும் இயந்திரம் எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. கருவியிலேயே மாதிரிப் படம் செய்து காட்டலாமே என்று தோன்றும். ஒரு படத்துக்கு வீடியோவைவிடக் குறைவாகத்தான் ஆகும் என்றாலும், அதுவும் கிரெடிட்தான். ஒப்புதலுக்கு முன் அதைத் தொட வேண்டாம். படமே கிடைக்காத ஷாட்டுக்குப் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, ஆள் எங்கே, பெட்டி எங்கே என்று கோட்டுப்படம் வரைந்தால் போதும்.

இந்த ஃபோட்டோவுக்கு இரண்டாவது பயனும் உண்டு. பல கருவிகளில் ஒரு படத்தைக் கொடுத்து அதையே முதல் பிரேமாக வைத்து வீடியோ செய்யச் சொல்லலாம். தேனீ தளிர்க்காம்பில் உட்காரும் மூன்றாவது ஷாட்டை அப்படித்தான் செய்ய முடிவெடுத்தோம். எவ்வளவு விளக்கி எழுதினாலும் தேனீ என்றால் பூவை நோக்கிப் போகும் பழக்கத்தைச் சொற்களால் மட்டும் முறிப்பது கடினம். படமே அங்கிருந்து தொடங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. அப்படிப்பட்ட ஷாட்டுக்குப் ப்ராம்ப்டில் படத்தில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி விவரிக்காமல் என்ன அசைகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். தாளில் அந்த வரிசைக்கு "படத்தில் இருந்து" என்று குறித்துவிட்டால் எழுதும்போது மறக்காது.

அறிகுறி: தமிழ் வரி சரி, வீடியோ வேறு

வாடிக்கையாளர் தமிழைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டார், கருவிக்குப் போனது ஆங்கிலம். இரண்டும் ஒன்றுதானா என்று யாரும் பார்க்கவில்லை. நாமே இரண்டையும் எழுதியதால் நமக்கு வித்தியாசம் தெரியாது. தமிழில் இருப்பதை மனதில் வைத்துக்கொண்டே ஆங்கிலத்தையும் படிப்போம்.

எனக்கு இது பிடிபட்டது ஒரு துவர்த்தால். முதல் தாளை எழுதும்போது என் மனதில் இருந்தது "தோளில் துவர்த்து". ஆங்கிலத்தில் தோளில் டவல் என்று எழுதினேன். வீடியோவில் தேனீ வளர்ப்பவர் தோளில் குளியலறையில் தொங்கும் கனத்த பூத்துண்டு. துவர்த்து என்று நாம் சொல்வது மெல்லிய பருத்தித் துணி. அதை அப்படியே, மெல்லிய பருத்தித் துணி மடித்துத் தோளில் போட்டிருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும்.

கிரெடிட் இல்லாமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தமிழ் வரியைப் பார்த்திராத ஒருவரிடம் ஆங்கில ப்ராம்ப்டை மட்டும் கொடுத்து, என்ன தெரிகிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என் கடையில் எடிட் செய்யும் தம்பியிடம் கொடுப்பேன். அவன் சொல்வதையும் ஒப்புதல் வாங்கிய தமிழ் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விட்டுப்போனதும் கூடப்போனதும் உடனே தெரியும். ஒரு ஷாட்டுக்கு இரண்டு நிமிடம். ஆறு ஷாட் முடிய ஒரு டீ குடிக்கும் நேரம்.

இரண்டாவது ஷாட் இந்தச் சோதனைக்குப் பிறகு எப்படி நின்றது என்று முழுதாகத் தருகிறேன்.

ஷாட் 2, 5 நொடி.
கண்ணுக்குத் தெரிவது: ரப்பர் மரவரிசைக்கு நடுவே ஒற்றைக்கால் தாங்கியில் சின்ன மரப்பெட்டி. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த ஆள், நரைத்த மீசை, நீலக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைப் பனியன், தோளில் துவர்த்து. வெறும் கையால் பெட்டியின் மூடியை மெல்லத் தூக்குகிறார். காலை வெளிச்சம்.
கேமரா: அசையாமல், இடுப்பு உயரத்தில்.
மாதிரிப் படம்: அக்கா அனுப்பிய 3ஆவது ஃபோட்டோ.
வரக்கூடாதது: வெள்ளைப் பாதுகாப்பு உடை, கையுறை, பெரிய பெட்டி.
முயற்சி: அதிகபட்சம் 4.

கருவிக்குப் போகும் வரி:

```
Small wooden bee box on a single iron post, between straight rows
of rubber trees with slanting cuts on the bark. A lean Tamil man,
about 55, grey moustache, blue checked lungi, white sleeveless
banian, thin folded cotton cloth on one shoulder. With bare hands
he slowly lifts the lid of the box. Static camera at waist height.
Soft early morning light.
```

அறிகுறி: வேண்டாம் என்று எழுதியதுதான் வந்து நிற்கிறது

மேலே உள்ள ப்ராம்ப்டில் பாதுகாப்பு உடை வேண்டாம் என்று எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் எழுதியிருந்தேன். ப்ராம்ப்டில் ஒரு பொருளின் பெயர் வந்துவிட்டால், முன்னால் இல்லை என்று போட்டாலும் அந்தப் பொருளே படத்தில் தலைகாட்டுவது அடிக்கடி நடக்கும். கையுறை வேண்டாம் என்பதற்குப் பதில் வெறும் கை என்று எழுத வேண்டும். கூட்டம் வேண்டாம் என்றால் தனி ஆள். மேகம் வேண்டாம் என்றால் தெளிந்த வானம்.

"வரக்கூடாதது" என்ற வரி தாளில் இருப்பது வாடிக்கையாளருக்காக. அவர் பயப்படுவதை எழுதி வைக்கவும், கிளிப் வந்ததும் அதை வைத்துத் தரம் பார்க்கவும் பயன்படும். வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டி தரும் கருவி என்றால் அங்கே பெயர்ச்சொல்லை மட்டும் போடலாம். முதன்மை ப்ராம்ப்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு ஷாட்டிலும் ஆள் வேறு

ஷாட் 2இல் நரைத்த மீசை, ஷாட் 4இல் கருத்த மீசை, லுங்கி வேட்டியாகிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டையும் கருவி தனியாகத்தான் செய்கிறது. முந்தியதில் யார் வந்தார் என்பது அதற்குத் தெரியாது. நாம் ஓரிடத்தில் மெலிந்த ஆள் என்றும் இன்னோரிடத்தில் வயதானவர் என்றும் எழுதினால் இரண்டு பேர் வருவார்கள்.

தாளின் தலைப்பகுதியில் ஆளைப் பற்றிய விவரத்தை ஒரே ஒரு முறை எழுதி, அதற்கும் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். பிறகு ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஒவ்வொரு ப்ராம்ப்டிலும் ஒட்டுங்கள். கருவி ஆளுக்கு மாதிரிப் படம் ஏற்கும் என்றால் அதையும் எல்லா ஷாட்டிலும் ஒரே படமாகக் கொடுங்கள். அப்படியும் முகம் நூற்றுக்கு நூறு பொருந்தாது. அதனால் முகம் தெரியும் ஷாட்டின் எண்ணிக்கையைத் தாளிலேயே குறைத்துவிடுவது நல்லது. எங்கள் விளம்பரத்தில் முகம் ஷாட் 2இல் மட்டும். ஷாட் 4இல் தேன் பிழியும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும் கையும் லுங்கியும் மட்டும் தெரிந்தால் போதும் என்று மாற்றினோம். யாரும் எதையும் இழக்கவில்லை.

அறிகுறி: காட்சி குழம்புகிறது, வேலை பாதியில் நிற்கிறது, பொருள் உருகி வேறாகிறது

வினைச்சொற்களை எண்ணுங்கள். நான்காவது ஷாட்டின் முதல் வடிவம்: தேனடை உள்ள மரச்சட்டத்தை எடுக்கிறார், கத்தியால் மெழுகுமூடியைச் சீவுகிறார், இயந்திரத்தில் வைக்கிறார், சுற்றுகிறார், தேன் வடிகிறது. ஐந்து நொடிக்குள் ஐந்து வேலை. நிஜத்தில் ஒருவர் இதைச் செய்ய எத்தனை நிமிடம் ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஐந்து நொடி ஷாட்டுக்கு ஒரு வேலை, ஒரு கேமரா அசைவு. அதற்கு மேல் போனால் ஷாட்டை உடையுங்கள் அல்லது வேலையை விடுங்கள். எது போதும் என்று தெரியாவிட்டால் ஃபோனில் நொடிமுள்ளை ஓடவிட்டு, வரியில் உள்ளதை நீங்களே கையால் நடித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து காட்டினால் "இதையும் சேர்க்கலாமே" என்ற கேள்வி தானாக நின்றுவிடும். ஷாட் 4 கடைசியில் "கை கைப்பிடியைச் சுற்றுகிறது" என்று மட்டும் ஆனது. தேன் வடிவதை நிஜமாகவே எடுத்துக்கொண்டோம்.

அறிகுறி: லேபிளில் தமிழ் எழுத்து உடைகிறது

இதற்கு முயற்சி செய்து கிரெடிட் விடாதீர்கள். தமிழ் எழுத்து வரும் எதையும் தாளில் "எடிட்டில்" என்று குறியுங்கள். கடைப்பெயர், விலை, ஃபோன் எண், பாட்டில் லேபிள் எல்லாம் அதில் அடங்கும்.

அதே போல, நிஜமாக இருக்கும் பொருளையும் இடத்தையும் கருவியிடம் கேட்க வேண்டாம். விற்கப்போகும் பாட்டிலை நிஜத்தில் எடுக்க வேண்டும். தேன் பாட்டிலில் விழும் காட்சியைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோனிலேயே எடுத்துவிடலாம். செயற்கையாகச் செய்தால் தேன் கொட்டிக்கொண்டே இருக்கும், பாட்டிலில் மட்டம் ஏறாது. வாங்குபவர் கையில் கிடைக்கப்போவது என்ன நிறமோ அந்த நிறம்தான் விளம்பரத்திலும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அக்காவின் மகன் கன்னியாகுமரிக் கடலில் திருவள்ளுவர் சிலையும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டான். 133 அடிச் சிலையின் முகமும் விரலும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கருவி அதைக் கொஞ்சம் மாற்றினாலும் கண் உடனே அங்கே போய்விடும். வேண்டுமென்றால் நேரில் போய் எடுத்துவரலாம் என்று தாளில் "நேரடிப் படப்பிடிப்பு" என எழுதினேன். பிறகு தேன் விளம்பரத்தில் அதற்கு வேலையில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அறிகுறி: பாதி ஷாட்டிலேயே கிரெடிட் தீர்ந்தது

கணக்கு தாளில் இல்லை என்று பொருள். கிளிப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கிரெடிட் திரும்பி வராது. ஒவ்வொரு முயற்சிக்கும் முழுக்காசு. ஆகவே ஷாட்டின் எண்ணிக்கையோடு முயற்சியின் எண்ணிக்கைக்கும் ஒப்புதல் வேண்டும்.

உங்கள் கருவி நொடிக்கு 10 கிரெடிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குக் கருவியும் தெளிவுத்திறனுக்கு ஏற்பவும் இது மாறும், உங்கள் திட்டத்தில் உள்ளதைப் பார்த்துப் போடுங்கள். ஐந்து நொடி ஷாட் ஒரு முயற்சிக்கு 50. எங்கள் ஆறு ஷாட்டில் ஐந்தாவது நேரடிப் படப்பிடிப்பு, ஆறாவது எடிட்டில் செய்யும் எழுத்து அட்டை. மிச்சம் நான்கு. தோட்டக்காட்சி எளிது, 2 முயற்சி. கையால் மூடி தூக்குவது கடினம், 4. தளிரில் தேனீ, 4. கைப்பிடி சுற்றுவது, 3. மொத்தம் 13 முயற்சி, 650 கிரெடிட். வாடிக்கையாளர் மாற்றம் கேட்டால் என்று இன்னும் 2 முயற்சி ஒதுக்கி 750 என்று தாளின் அடியில் எழுதினேன். ஆறு ஷாட்டையும் கருவியிலேயே செய்து ஷாட்டுக்கு நான்கு முயற்சி என்று போயிருந்தால் 1200.

கடினமான ஷாட்டை முதலில் செய்யுங்கள். நான்கு முயற்சியிலும் தேனீ சரியாக வராவிட்டால், மற்றவற்றில் கிரெடிட் போகும் முன் அந்த ஷாட்டை மாற்றிக்கொள்ளலாம். மலிவான வரைவுத் தரம் உள்ள கருவி என்றால் முதல் முயற்சியை அதில் செய்து, ஆள், பெட்டி, அசைவு மூன்றும் பொருந்தினால் மட்டும் முழுத்தரத்துக்குப் போங்கள். வரைவில் நன்றாக வந்தது முழுத்தரத்தில் அப்படியே வரும் என்ற உறுதி இல்லை என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிளிப்பின் வடிவத்தையும் தாளின் தலைப்பிலேயே முடிவு செய்ய வேண்டும். ஃபோனுக்கு 9:16 என்று செய்த பிறகு கடைத் திரைக்கு 16:9 கேட்டால், வெட்டி ஒட்டினால் தலையோ பெட்டியோ போய்விடும், புதிதாகச் செய்தால் கணக்கு இரட்டிக்கும்.

அறிகுறி: ஒப்புதலுக்குப் பின் புதிய ஆள் வந்து மாற்றம் சொல்கிறார்

அக்கா ஆறையும் சரி என்று எழுதி அனுப்பிய மறுநாள் ஃபோன் வந்தது. "எங்க மச்சான் பாத்தாரு, லுங்கி வேண்டாம், வேட்டி போடலாம்னு சொல்லுதாரு." நல்லவேளை, கருவியை இன்னும் திறக்கவில்லை.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: கடைசி வார்த்தை யாருடையது? குடும்பத் தொழிலில் பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் மூன்றாமவர். மூவரும் பார்த்த பிறகுதான் ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வார்த்தைக்கு உரியவரின் பெயரைத் தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

மாற்றம் வந்தால் பழைய தாளில் கிறுக்காமல் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள். 2 என்றிருந்தது 3 ஆகும். மாறிய வரியை மட்டும் மஞ்சளாக்கி, அந்த ஷாட்டுக்கு மட்டும் மறுபடி சரி வாங்குங்கள். வேட்டி என்பது ஆளின் விவரத்தில் இருப்பதால் ஷாட் 2, ஷாட் 4 இரண்டும் மஞ்சளாயின. மச்சானுக்கே நேராக அனுப்பினேன். அவர் ஷாட் 4இன் வரியை வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். "தேன் எடுக்கப்ப வேட்டி கட்டுனா கறை போவாது. லுங்கியே இருக்கட்டும்." பதிப்பு 4இல் மறுபடி லுங்கி வந்தது. அன்று சாயங்காலம் அக்காவின் கணவர் தோட்டத்தில் நின்று எடுத்த தளிர்க்காம்புப் படம் வந்து சேர, அதை ஷாட் 3க்கு நேராக ஒட்டி, மூன்று பேரின் "சரி"யும் வந்த பிறகு இந்த முறைக்கான முதல் 50 கிரெடிட்டைச் செலவழித்தேன்.